வெயில் கால நீர்க்கடுப்பும் பார்லித் தண்ணீரும்

“டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 36. டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். கரோல் பாக்கில் ஒரு வங்கிக் கிளையில் கேஷியராக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் எனக்கு நீர்க்கடுப்பு வரும். என் மாமியார் பார்லி வேகவைத்த தண்ணீர் கொடுப்பார், மறுநாளே சரியாகிவிடும். இந்த முறை மூன்று நாளாகக் குடித்தும் எரிச்சல் குறையவில்லை. சிறுநீர் வெள்ளையாகத்தான் போகிறது. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது, கொஞ்சமாகத்தான் வருகிறது, அடிவயிறு வலிக்கிறது. காய்ச்சல் இல்லை. பொங்கல் சமயத்திலும் ஒருமுறை இப்படி வந்து தானாகப் போய்விட்டது. மருந்துக்கடையில் கொடுத்த சிரப் இரண்டு நாளாகக் குடிக்கிறேன். போன வருடம் வாங்கிய நார்ஃப்ளாக்ஸசின் மாத்திரை நான்கு மீதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளலாமா, இல்லை பார்லியையே இன்னும் கொஞ்ச நாள் தொடரலாமா? சர்க்கரை நோய் உள்ள என் மாமியாரும் துணைக்கு என்னோடு பார்லி குடிக்கிறார். அது சரியா?”

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அந்த மாத்திரைகளைப் போட்டுக்கொள்ள வேண்டாம். நாளைக் காலையிலேயே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்த முறை உங்களுக்கு வந்திருப்பது வெயிலால் வரும் சாதாரண நீர்க்கடுப்பாக எனக்குத் தோன்றவில்லை. சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கடிதத்திலேயே அதற்கான அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, பார்லித் தண்ணீர் உடலுக்குள் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

டெல்லியில் மே மாதத்து வெயில் 42, 43 டிகிரியைத் தொடும்போது அனல்காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை தோலில் நிற்காமல் உடனுக்குடன் உலர்ந்துவிடும். சென்னைக்காரர்களுக்குச் சட்டை நனைவதை வைத்தே எவ்வளவு வியர்த்தது என்று தெரியும், இங்கே அது தெரிவதில்லை. இப்படி இழக்கும் நீரை ஈடுகட்டும் அளவுக்குக் குடிக்காவிட்டால், சிறுநீரகங்கள் உடலில் எஞ்சியிருக்கும் நீரைக் காப்பாற்றுவதற்காகச் சிறுநீரைச் சுருக்குகின்றன. தேவை ஏற்பட்டால் இரத்தத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவாகக்கூட அவற்றால் சிறுநீரை உருவாக்க முடியும். வெளியேற்ற வேண்டிய யூரியாவும் உப்புகளும் அமிலமும் அதே அளவில்தான் இருக்கும். வழக்கமாக ஒன்றரை லிட்டரில் கரைந்து போகவேண்டிய அவை அரை லிட்டரிலோ முக்கால் லிட்டரிலோ கரைந்து, அடர் மஞ்சளாக, நெடியோடு வெளியேறும்போது சிறுநீர்த் தாரையின் மெல்லிய உட்தோல் எரிகிறது. நாம் சூடு பிடித்துக்கொண்டது என்று சொல்லும் நீர்க்கடுப்பின் ஒரு வகை இது. இதில் கிருமி கிடையாது.

இந்த வகைக்குப் பார்லித் தண்ணீர் உண்மையிலேயே பலன் தரும். ஆனால் அந்தப் பலனைத் தருவது, அதில் பெரும்பங்காக இருக்கும் தண்ணீர்தான். பார்லியின் வழவழப்புக்குக் காரணமான பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்து சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அது இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அந்த வழவழப்பு சிறுநீர்ப் பாதையில் படிந்து புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், உடலின் அமைப்பில் அதற்கு வழியில்லை. பார்லித் தண்ணீருக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றலும் இல்லை. அதைக் குடித்தால் சிறுநீர் கூடுதலாகப் போவதற்கு, குடித்த நீரின் அளவே போதுமான விளக்கம்.

இதைச் சொல்வதால் உங்கள் மாமியாரின் வைத்தியத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக எண்ணவேண்டாம். வெறும் தண்ணீரை ஒரு லிட்டர் கூடுதலாகக் குடியுங்கள் என்று மருத்துவர் சொன்னால் பலரும் தலையாட்டிவிட்டுப் போவார்களே தவிர, குடிப்பதில்லை. வீட்டில் ஒருவர் பார்லியைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, உப்புப் போட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை டம்ளரை நீட்டிக்கொண்டு எதிரில் நிற்கும்போது அந்த ஒரு லிட்டர் உள்ளே போய்விடுகிறது. கொதித்த நீர் என்பதால் வயிற்றுக்கும் பாதுகாப்பு. அந்த ஒன்றிரண்டு நாளும் காப்பி, டீ குறைந்துவிடுவதும் ஒரு நன்மைதான், ஏனென்றால் அவற்றிலுள்ள கஃபீன் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் சிறுநீர்ப்பையை மேலும் தூண்டக்கூடியது.

தண்ணீர் அதிகமாகக் குடிப்பதன் பயனுக்கு நல்ல சான்றும் உண்டு. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர்த்தொற்று வரும் 140 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேர் வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஓராண்டுக் காலம் தினமும் குடித்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. வழக்கம்போலக் குடித்தவர்களுக்கு 3.2 முறை வந்தது. கொடுக்கப்பட்டது வெறும் தண்ணீர்தான் என்பதையும், அது தொற்று வருவதைக் குறைத்ததே தவிர முழுவதும் நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். வந்துவிட்ட தொற்றைத் தண்ணீர் தீர்த்துவைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இனி, இரண்டு வகை எரிச்சலையும் வீட்டிலேயே எப்படிப் பிரித்தறிவது என்று பார்ப்போம். வெயிலால் வரும் நீர்க்கடுப்பில் எரிச்சலும் சிறுநீரின் நிறமும் சேர்ந்தே நடக்கும். காலையில் அடர் மஞ்சளாகப் போகும்போது எரியும். ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீராகாரத்தை நான்கைந்து மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடித்தால், பிற்பகலுக்குள் நிறம் வெளிறி எரிச்சலும் தணியத் தொடங்கும், மறுநாள் எரிச்சலே இருக்காது. தொற்றில் இந்த இரண்டும் பிரிந்துவிடும். நிறம் வெளிறியிருக்கும், ஆனால் எரிச்சல் நிற்காது. சிறுநீர்ப்பையின் சுவர் வீங்கியிருப்பதால் கொஞ்சம் நிரம்பினாலே அவசரமாகப் போகவேண்டும் போலிருக்கும், போனால் சில துளிகள்தான் வரும், முடித்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும், தொப்புளுக்குக் கீழே ஒரு கனமான வலி இருக்கும். உங்களுக்குச் சிறுநீர் வெள்ளையாகப் போகிறது, எரிச்சல் நிற்கவில்லை, அரை மணிக்கு ஒருமுறை போகிறீர்கள், அடிவயிறும் வலிக்கிறது. மூன்று நாள் பார்லித் தண்ணீர் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது அதன் கைக்கு அப்பாற்பட்டது.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்த இன்னொரு வரி, பொங்கல் சமயத்திலும் இது வந்தது என்பது. ஜனவரியில் டெல்லியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடுகிறோம். அப்போது வந்ததற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. அது தானாகப் போனதிலும் வியப்பில்லை, ஏனெனில் ஆரோக்கியமான பெண்களுக்கு வரும் லேசான சிறுநீர்ப்பைத் தொற்றில் ஒரு பகுதி உடலின் எதிர்ப்பாற்றலாலேயே சில நாட்களில் அடங்கிவிடும். அப்படி அடங்கும்போது அந்த நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை தொற்று வந்தால் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று கணக்கில் எடுத்துக்கொள்வோம். அந்த நிலையில் வெறும் சிறுநீர்ச் சோதனை போதாது, கல்ச்சர் பரிசோதனையும் செய்யவேண்டும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அதுதான் காட்டும்.

கல்ச்சருக்குக் கொடுக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். லேபில் கொடுக்கும் மூடி போட்ட கிருமிநீக்கம் செய்த டப்பாவையே பயன்படுத்துங்கள், வீட்டுப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போகக்கூடாது. காலையில் எழுந்ததும், பார்லித் தண்ணீரோ வேறு எதுவுமோ நிறையக் குடிப்பதற்கு முன் சேகரியுங்கள். நிறையக் குடித்துவிட்டுக் கொடுத்தால் சிறுநீர் நீர்த்துப்போய், இருக்கும் தொற்றும் சோதனையில் தெரியாமல் போகலாம். வெளிப்பகுதியைத் தண்ணீரால் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்கவேண்டும். பிடித்ததை ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். டெல்லி வெயிலில் கைப்பையிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால், வழியில் ஒட்டிய ஒன்றிரண்டு கிருமிகளே அந்தச் சூட்டில் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்து கொடுக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஆன்டிபயாடிக்கும் போடுவதற்கு முன்னால் சேகரிக்கவேண்டும். ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விட வாய்ப்பு உண்டு.

அந்த நார்ஃப்ளாக்ஸசினை வேண்டாம் என்றதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை என்ற குடல் கிருமி, நம் நாட்டில் இந்த வகை மருந்துகளுக்குப் பெருமளவு பழகிப்போய்விட்டது. நான்கு மாத்திரைகள் என்பது முழு அளவும் ஆகாது. பலவீனமான கிருமிகள் சாக, தாக்குப்பிடிக்கும் கிருமிகள் தங்கி, இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றிவிட்டு மீண்டும் வரும். இன்று சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற மருந்துகளே பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. உங்களுக்கு எது, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும் என்பதால் அவர் அதற்கு முன்பே மருந்தைத் தொடங்கலாம். முடிவைப் பார்த்துத் தேவைப்பட்டால் மாற்றுவார். உங்கள் மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் மருந்துத் தேர்வே மாறும்.

மருந்துக்கடையில் கொடுத்த சிரப்பின் லேபிளைப் பாருங்கள். அநேகமாக அதில் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் என்று இருக்கும். அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. எரிச்சல் குறைந்தவுடன் நோயும் குறைந்துவிட்டதாக நினைத்து நாட்களைக் கடத்திவிடுவதுதான் இதிலுள்ள சிக்கல். மேலும், நைட்ரோஃப்யூரன்டாயின் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். ஆகையால் இந்த சிரப் குடித்துவருவதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பது ஆறுதலான செய்தி. தொற்று இன்னும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் நாளை மருத்துவரைப் பார்ப்பதற்குள்ளோ மருந்து தொடங்கிய பிறகோ குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், விலா எலும்புக்குக் கீழே முதுகின் ஒரு பக்கம் வலித்தால், வாந்தியெடுத்து மருந்தும் தண்ணீரும் வயிற்றில் தங்காவிட்டால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும், இரவானால் அவசரப் பிரிவுக்கே போகலாம். இடுப்புப் பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை அலையலையாகப் பாயும் கடும் வலி கல்லடைப்பைக் காட்டும். அத்தோடு காய்ச்சலும் இருந்தால் அது ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாத நிலை. சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டவேண்டும். தொற்று தீர்ந்த பிறகும் இரத்தம் போனால் மீண்டும் காட்டவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகாவிட்டாலும் வீட்டில் இருக்கக்கூடாது. ஆண்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் நீர்க்கடுப்பு வந்தால், பார்லியை வைத்து ஒருநாள் பார்ப்போம் என்று காத்திருக்கவே வேண்டாம்.

எரிச்சல் சிறுநீர் வரும் உள்வழியில் இல்லாமல் வெளித்தோலில் சிறுநீர் படும்போது மட்டும் இருந்து, அரிப்போ வெள்ளைப்படுதலோ சேர்ந்திருந்தால், அது பூஞ்சைத்தொற்றாக இருக்கலாம். அதற்குப் பார்லியும் உதவாது, சிறுநீர்த்தொற்று மாத்திரையும் உதவாது, மாத்திரை அதைக் கூட்டிவிடவும் கூடும்.

உங்கள் மாமியாரின் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்லி ஆகாத தானியம் இல்லை. ஆனால் வேகவைத்த பார்லியை மசித்துக் கஞ்சியாகவோ, சர்க்கரையோ வெல்லமோ போட்டோ குடித்தால், அது மாவுச்சத்துள்ள ஓர் உணவு வேளையாகவே கணக்காகும். மெல்லிய தண்ணீராக வடித்து, ஒரு சிட்டிகை உப்போ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக் குடிப்பதில் பிரச்சினை இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு முத்துப் பார்லி நான்கு மேசைக்கரண்டி போதும். இரவே ஊறவைத்து, குக்கரில் நான்கு விசில் விட்டு, வடிகட்டினால் சோறு வடித்த கஞ்சியின் பதத்தில் இருக்கவேண்டும், அதைவிடக் கெட்டியானால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள மளிகைக் கடைகளில் ஜௌ என்று கேட்டால் சில நேரம் உமியோடு கூடிய பார்லியைக் கொடுத்துவிடுவார்கள், அது வேக நேரமாகும். வடித்ததை இந்த வெயிலில் மேடையில் வைத்துவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளைக்குள் தீர்த்துவிடவேண்டும். புட்டியில் விற்கும் லெமன் பார்லி பானத்தில் சர்க்கரைதான் மிகுதி, அதை அவருக்குக் கொடுக்காதீர்கள். கோதுமையிலுள்ளது போன்ற குளூட்டன் பார்லியிலும் இருப்பதால், சீலியக் நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் இதைத் தொடக்கூடாது.

அவர் சர்க்கரைக்குப் போடும் மாத்திரைகளின் அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்பதுபோல் ‘க்ளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர்கள் இருந்தால், அவை உடலின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். அதனால் சிறுநீர் அதிகம் போவதும், வெளிப்பகுதியில் பூஞ்சை அரிப்பும் எரிச்சலும் வருவதும் உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் அவரும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக்கூடாது. இதய பலவீனமோ சிறுநீரகக் குறைபாடோ இருந்து, நாளுக்கு இவ்வளவுதான் நீர் குடிக்கலாம் என்று அவருக்கு அளவு சொல்லியிருந்தால், பார்லித் தண்ணீரும் அந்த அளவுக்குள்தான் அடங்கும். உங்களுக்குத் துணையாக அவர் டம்ளர் டம்ளராகக் குடிப்பது அப்போது கால் வீக்கத்திலும் மூச்சுத்திணறலிலும் கொண்டுபோய் விடக்கூடும்.

மருந்து முடிந்த பிறகு உங்களுக்கு மீண்டும் வராமல் இருக்க, உங்கள் வேலை நாளை நாம் கொஞ்சம் மாற்றவேண்டும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தால் எழுந்து போகமுடியாது என்பதற்காகவே காலையில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். ஏ.சி. அறையில் தாகமும் தெரியாது. காலை எட்டு மணிக்கு மெட்ரோவுக்குக் கிளம்புமுன் கழிவறைக்குப் போனவர், மதிய உணவு இடைவேளை வரை அடக்கிக்கொண்டு, பிறகு மாலை வீட்டுக்கு வந்துதான் போவார். சிறுநீர்ப்பையில் ஏறிவிட்ட கிருமிகளை உடல் வெளியேற்றும் முக்கியமான வழி, அதை அடிக்கடி முழுமையாகக் காலி செய்வதுதான். பெண்களின் சிறுநீர்த்தாரை நான்கு சென்டிமீட்டர் அளவே உள்ளது என்பதால் கிருமி ஏறுவது எளிது. ஐந்தாறு மணி நேரம் அது வெளியேறாமல் கிடந்தால் பெருகிவிடும்.

ஆகவே எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், கிளம்புமுன் அரை டம்ளர், கிளையை அடைந்ததும் ஒரு டம்ளர், பிறகு ஒரு லிட்டர் புட்டியை மதியத்துக்குள் முக்காலும் மாலைக்குள் மீதியும் முடிக்கும்படி கவுண்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பின் குடிப்பதையும் சேர்த்து இரண்டரை லிட்டர் வந்தால் மே மாதத்துக்குப் போதும். அதில் ஒரு பங்கு பார்லியாக இருந்தாலும் மோராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் குடிப்பது மட்டும் கூடாது, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். பதினொன்றரை மணிக்கும் மூன்றரை மணிக்கும் பத்து நிமிடம் கவுண்டரை மூடிவிட்டு எழுந்துபோக உங்கள் மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நான் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாம்பத்திய உறவுக்குப் பிறகு உடனே சிறுநீர் கழித்துவிடுவதையும், கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த ஓராண்டில் மூன்று முறை வந்தால், சிறுநீரகம், சிறுநீர்ப்பை இரண்டையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கல்லோ தேங்கும் நீரோ இருக்கிறதா என்று அறிந்துகொள்ள, நாளை எடுக்கும் கல்ச்சர் அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைத்து அதோடு ஒரு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.